இருண்ட வானத்தில் பட்டை, நடுவில் கலங்கல்: கிரேடியண்ட் பின்னணியை எக்ஸ்போர்ட்டுக்கு முன் சோதித்துத் திருத்துவது எப்படி

மொரீஷியஸின் காத்ர் போர்னில் நின்று மேற்கே பார்த்தால், சூரியன் கோர் தெ கார்த் மலைக்குப் பின்னால் இறங்கும். மலைச் சரிவில் முருகன் கோவில் இருக்கிறது. தைப்பூசக் காவடிக்கு அழைப்பு வடிவமைக்கச் சொல்லி யாராவது கேட்டால், என் மனம் முதலில் போவது அந்த மாலை வானத்துக்குத்தான். மேலே கருநீலம், முகட்டை ஒட்டிக் காவி, முன்னால் மலையின் கறுத்த உருவம், நடுவில் வேல். செய்வதற்கு எளிதாகத் தெரியும் படம் இது. எளிதாகத் தெரிவதால்தான் பலரும் இதில் தவறுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்படி ஓர் அழைப்பைச் செய்து அனுப்பினேன். கோவில் குழுவில் இருந்த பெரியவர் ஒருவர் இரவில் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, எல்லாம் நல்லா இருக்கு. ஆனா வானத்துல ஏன் கோடு கோடா தெரியுது? நடுவுல வேற சேறு பூசின மாதிரி இருக்கே" என்றார். என் கணினித் திரையில் இரண்டுமே தெரியவில்லை. விளக்கை அணைத்துவிட்டு என் தொலைபேசியில் திறந்து பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே இருந்தது.

அவர் சொன்னவை இரண்டு வேறு குறைகள். கோடு கோடாகத் தெரிவது எண்களின் படிகள் போதாததால் வருவது. பேண்டிங் என்கிறோம், இங்கே பட்டை என்கிறேன். நடுவில் சேறாவது இரண்டு நிறங்களுக்கு இடையில் தேர்ந்தெடுத்த வழி தவறானதால் வருவது. அதைக் கலங்கல் என்கிறேன். திருத்தும்போது கலங்கலை முதலில் சரிசெய்ய வேண்டும். பட்டையைச் சரிசெய்துவிட்டு நிறத்தைத் தொட்டால் பட்டை திரும்பி வரும். அந்த அழைப்பையே எடுத்துக்கொண்டு, நான் இப்போது செய்யும் வரிசையிலேயே சொல்கிறேன். ஃபோட்டோஷாப்பில் சொல்கிறேன், கிம்ப்பில் வேறுபடும் இடங்களைக் குறிப்பிடுகிறேன்.

நடுவில் நிறம் ஏன் செத்துப்போகிறது

படம் 1080 பிக்சல் அகலம், 1920 உயரம். வானத்தின் கீழ்ப்பகுதியில் நீலம் `#1B2A6B`, காவி `#F9A826`. இந்த இரண்டை மட்டும் வைத்து, ஒன்றிலிருந்து மற்றதற்கு மெல்ல மாறும் கிரேடியண்ட் ஒன்றை இழுத்தேன். நீலத்தின் எண்கள் சிவப்பு 27, பச்சை 42, நீலம் 107. காவியின் எண்கள் 249, 168, 38. மென்பொருள் ஒவ்வொரு சேனலையும் தனித்தனியாக ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நேர்கோட்டில் நகர்த்துகிறது. அதற்கு நிறம் தெரியாது, எண்தான் தெரியும்.

நீலச் சேனல் இறங்குகிறது, மற்ற இரண்டும் ஏறுகின்றன. ஏறுவதும் இறங்குவதும் வழியில் எங்கோ சந்தித்தாக வேண்டும். கணக்குப் போட்டால், நீல முனையிலிருந்து கால் பங்கு தூரத்தைச் சற்றே தாண்டியதும் எண்கள் 88, 77, 88 என்றாகின்றன. மூன்று எண்களும் ஒன்றையொன்று நெருங்கினால் அது சாம்பல். சரியாக நடுவில் 138, 105, 73 வருகிறது, அதாவது `#8A6949`. வெளிச்சம் குறைந்த ஆரஞ்சைத்தான் கண் பழுப்பாகப் பார்க்கிறது. ஆக நீலத்திலிருந்து காவிக்குப் போகும் வழியில் முதலில் சாம்பல், பிறகு ஈரமண். பெரியவர் சேறு என்று சொன்னது மிகச் சரியான சொல்.

எதிரெதிர் நிறங்கள் எவையானாலும் இது நடக்கும். முழு நீலத்தையும் முழு மஞ்சளையும் நேர்கோட்டில் இணைத்தால் நடுவில் கிடைப்பது `#808080`, கலப்பில்லாத சாம்பல்.

கண்டுபிடிக்க மிக நம்பகமான வழி சொட்டுக்குழாய்க் கருவிதான். கருவியின் `Sample Size` என்பதை `Point Sample` ஆக்கி, `Info` பலகையைத் திறந்து வைத்துக்கொண்டு, கிரேடியண்டின் மீது மேலிருந்து கீழே மெதுவாக நகர்த்துங்கள். மூன்று எண்களையும் பாருங்கள். எந்த இடத்தில் பெரிய எண்ணும் சிறிய எண்ணும் நெருங்குகின்றனவோ அங்கேதான் நிறம் சாகிறது. கண் சிறிது நேரத்தில் பழகிவிடும், எண் பழகாது.

கலங்கலைத் திருத்துவது

உண்மையான மாலை வானம் இந்த நேர்கோட்டில் போவதில்லை. பிப்ரவரி மாலையில் ஃபிளிக் ஆன் ஃபிளாக் கடற்கரையில் நின்று பார்த்தால், நீலத்துக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில் ஊதாவும் ரோஜாவும் வரும். நாமும் நிறவட்டத்தின் ஓரமாக அதே வழியில் சுற்றிப் போக வேண்டும். காவடி ஊர்வலத்தில் நிறைந்திருக்கும் அந்த அடர் ரோஸ் நிறமும் அந்த வழியில்தான் இருக்கிறது. அழைப்புக்கு அது தானாகப் பொருந்திவிடுகிறது.

நான் இடையில் சேர்த்த நிறங்கள் இரண்டு. ஒன்று கத்தரிப்பூ ஊதா `#6B3A86`, மற்றது மங்கிய ரோஜா `#D4607C`. இப்போது அடுத்தடுத்த நிறங்களுக்கு நடுவே எண்ணைப் பார்த்தால், நீலத்துக்கும் ஊதாவுக்கும் நடுவில் 67, 50, 120 வருகிறது, அது ஊதாநீலம். ரோஜாவுக்கும் காவிக்கும் நடுவில் 230, 132, 81 வருகிறது. அது பவள நிறம். எங்கும் மூன்று எண்களும் ஒன்றுகூடவில்லை.

கிரேடியண்டில் இடைநிறங்கள் அமரும் புள்ளிகளை, அதாவது நிறுத்தங்களை, எந்த இடத்தில் வைப்பது என்பதில்தான் பலர் கைவிடுகிறார்கள். சம தூரத்தில் வைத்தால், நிறுத்தம் இருக்கும் இடத்தில் மெல்லிய வெளிச்சக் கோடு ஒன்று படுக்கைவாக்கில் தெரியும். வெளிச்சம் ஏறும் வேகம் அங்கே திடீரென மாறுவதால், கண் அந்த இடத்தில் இல்லாத கோட்டைத் தானே வரைந்துகொள்கிறது. எர்ன்ஸ்ட் மாக் 1865இல் இதை விளக்கினார். மாக் பட்டை என்றே பெயர். இதைப் பேண்டிங் என்று நினைத்து, மணல்போல் பிக்சல்களைச் சிதறடிக்கும் நாய்ஸைச் சேர்த்துக்கொண்டே போனால் கோடு போகாது.

எனவே நிறுத்தங்களை வெளிச்சத்தின்படி வையுங்கள். ஒரு நிறத்தின் வெளிச்சத்தைத் தோராயமாகக் கணிக்க, சிவப்பு எண்ணை 0.21 ஆலும், பச்சையை 0.72 ஆலும், நீலத்தை 0.07 ஆலும் பெருக்கிக் கூட்டினால் போதும். நம் நான்கு நிறங்களுக்கும் முறையே ஏறத்தாழ 43, 74, 122, 176 வருகிறது. முதலிலிருந்து கடைசி வரை ஏற்றம் 133. ஊதாவுக்கு வருவதற்குள் 31 ஏறிவிட்டது. அது கிட்டத்தட்ட கால் பங்கு. ரோஜாவுக்கு வருவதற்குள் 79 ஏறியிருக்கிறது. அது ஏறத்தாழ 60 விழுக்காடு. ஆகவே ஊதாவை 25 விழுக்காட்டிலும் ரோஜாவை 60 விழுக்காட்டிலும் வைத்தேன். வெளிச்சம் ஒரே சீராக ஏறியது, கோடு மறைந்தது.

எண் பார்க்க நேரமில்லாவிட்டால் வேறொரு சோதனை உண்டு. எல்லா லேயருக்கும் மேலே கறுப்பு நிரப்பிய லேயர் ஒன்றை வைத்து, அதன் கலப்பு முறையை `Color` ஆக்குங்கள். படம் வெறும் வெளிச்சமாக, கறுப்பு வெள்ளையில் தெரியும். வானம் மேலிருந்து கீழே தடையில்லாமல் வெளுத்துக்கொண்டு வர வேண்டும். நடுவில் ஒரு இடம் பள்ளமாக இருண்டாலோ மேடாக வெளுத்தாலோ அங்கே நிறுத்தத்தை நகர்த்த வேண்டும். பார்த்து முடித்ததும் அந்த லேயரை அழித்துவிடுங்கள். மறந்து அப்படியே எக்ஸ்போர்ட் செய்தவர்களை எனக்குத் தெரியும்.

ஃபோட்டோஷாப்பின் புதிய பதிப்புகளில் கிரேடியண்ட் கருவிக்கு `Method` என்றொரு தெரிவு இருக்கிறது. அதில் `Classic` என்பது பழைய நேர்கோடு. `Perceptual` என்பது, பியோர்ன் ஓட்டொசன் 2020இல் வெளியிட்ட ஓகேலேப் என்ற நிறவெளியில் கலப்பது. வெளிச்சம் அதில் சீராகப் போகும். இரண்டே நிறங்களோடு வேலை முடிய வேண்டுமானால் அதைத் தெரிவு செய்யுங்கள். ஆனால் அதுவும் நேர்கோடுதான். எதிரெதிர் நிறங்களுக்கு நடுவில் அதுவும் சாம்பல் பக்கமாகவே போகும், பழுப்பு மட்டும் குறையும். இடைநிறம் வேண்டும் என்ற தேவை போவதில்லை. கிம்ப்பிலும் கிரேடியண்ட் கருவியில் கலக்கும் நிறவெளியைத் தெரிவு செய்யலாம். அங்கும் இதுவே பொருந்தும்.

அதே பின்னணியை இணையப் பக்கத்துக்கும் கேட்டால், நிறவட்டத்தைச் சுற்றிப் போகும்படி உலாவியிடமே சொல்லலாம்:

```css
background: linear-gradient(
  to bottom in oklch increasing hue,
  #1b2a6b, #f9a826);
```

இதில் `increasing hue` என்பதை எழுதிவிடுவது நல்லது. எழுதாவிட்டால் உலாவி குறுக்குவழியைப் பிடிக்கும். நம் காவிக்கு அது ரோஜா வழியாகத்தான் போகும். ஆனால் காவிக்குப் பதில் தூய மஞ்சளை வைத்தால் குறுக்குவழி பச்சை வழியாக அமைந்து, வானத்தில் பாசி படிந்ததுபோல் ஆகிவிடும்.

கலங்கலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. எழுத்து எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று காவியின் மேல் கறுப்பு நிழலைப் படர விடுவோம். கறுப்பு சேர்ந்த காவி பழுப்புதான். நிழலுக்குக் கறுப்புக்குப் பதில் அடர் ஊதாவை எடுத்து, லேயரை `Multiply`யில் வையுங்கள். இருள் அதே அளவு வரும், நிறம் உயிரோடு இருக்கும்.

பட்டை எங்கே விழும் என்று முன்கூட்டியே கணக்கிடுவது

இப்போது பட்டைக்கு வருகிறேன். மேல் வானம் `#0B1230` என்ற இருளிலிருந்து `#1B2A6B` வரை, 1200 பிக்சல் உயரத்தில் விரிகிறது. 8 பிட் படத்தில் ஒரு சேனலுக்கு 256 படிகள்தான். அவற்றில் இந்த வானம் பயன்படுத்துவது எவ்வளவு என்று பாருங்கள். சிவப்பு 11இலிருந்து 27க்குப் போகிறது, 16 படி. பச்சை 18இலிருந்து 42, 24 படி. நீலம் 48இலிருந்து 107, 59 படி.

வெளிச்சத்தில் பச்சைக்குத்தான் பெரும் பங்கு என்று மேலே பார்த்தோம். ஆகவே கண் எண்ணுவது அந்த 24 படிகளை. 1200 பிக்சலை 24 ஆல் வகுத்தால் 50. ஒவ்வொரு பட்டையும் 50 பிக்சல் உயரம். 1080 பிக்சல் சுமார் 7 சென்டிமீட்டர் அகலத்தில் அடங்கும் தொலைபேசியில் அது 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இருட்டறையில் கையில் பிடித்துப் பார்ப்பவருக்கு அது தெரியாமல் இருக்காது.

அதே படத்தில் ரோஜாவிலிருந்து காவி வரையிலான துண்டு 300 பிக்சலுக்கும் குறைவு. அதில் பச்சை 96இலிருந்து 168 வரை 72 படி ஏறுகிறது. பட்டை ஒன்றுக்கு 4 பிக்சல். யார் கண்ணுக்கும் தெரியாது. நீளமாகவும் இருட்டாகவும் நிறவேறுபாடு குறைவாகவும் இருக்கும் இடத்தில்தான் பட்டை விழும் என்பதை இந்த ஒரே வகுத்தல் காட்டிவிடும். வேலை தொடங்கும் முன்பே இதைப் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். பட்டை ஒன்றுக்கு 10 பிக்சலுக்கு மேல் வந்தால் எச்சரிக்கையாகிவிடுவேன்.

இதில் நுட்பமான இன்னொரு விஷயமும் இருக்கிறது. மூன்று சேனல்களும் ஒரே இடத்தில் படி மாறுவதில்லை. பச்சை மட்டும் ஒரு படி ஏறிய இடத்தில் இருள் லேசாகப் பச்சை பூக்கும். சிவப்பு ஏறிய இடத்தில் லேசாக ஊதா. அதனால் கருநீல வானத்தில் வெறும் பட்டை மட்டுமல்ல, நிறம் மாறி மாறி வரும் பட்டையும் தெரியும். நீலமாகத்தானே வைத்தோம், இந்த அழுக்கு எங்கிருந்து வந்தது என்று குழம்புபவர்கள் பார்ப்பது பெரும்பாலும் இதைத்தான்.

பட்டையைப் பிடிக்கும் சோதனை

முதலில் படத்தை 100 விழுக்காட்டில் வையுங்கள். 33, 67 போன்ற அளவுகளில் மென்பொருள் காட்டுவது சுருக்கிய முன்னோட்டம். அதில் இல்லாத பட்டை தெரியும், இருப்பது மறையும்.

அடுத்து மேலே ஒரு `Levels` சரிசெய் லேயரை வைத்து, வெள்ளை முனையை 255இலிருந்து 60 வரை இழுங்கள். இருண்ட பகுதி நான்கு மடங்கு விரிந்து வெளிச்சமாகும். ஒரு படியாக இருந்த வேறுபாடு நான்கு படியாகத் தெரியும். இந்தச் சோதனையில் எந்த 8 பிட் படமானாலும் படிகள் தெரியத்தான் செய்யும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். பார்க்க வேண்டியது படியின் விளிம்பை. கத்தியால் வெட்டியதுபோல் நேர்கோடாக இருந்தால் அது பட்டை. மணல் தூவியதுபோல் ஒரு படி அடுத்த படிக்குள் சிதறிக் கலந்திருந்தால் படம் நலமாக இருக்கிறது.

விளிம்பு கூர்மையாகத் தெரிந்தால் `Levels` லேயரை மறைத்துவிட்டு, அந்த இடத்தைப் பெரிதாக்கி, கோட்டுக்கு மேலும் கீழும் எண்களைப் படியுங்கள். இதிலிருந்து நோயின் வேர் தெரியும். வேறுபாடு 1 என்றால் அது 8 பிட்டின் இயல்பான எல்லை. படத்தில் வேறு கேடில்லை. வேறுபாடு 3, 4 என்று இருந்தால், இதற்கு முன் யாரோ படத்தைக் கெடுத்திருக்கிறார்கள். தொலைபேசியில் எடுத்த ஜேபெக் வானத்தை `Curves`இல் இழுத்து விரித்தால் அப்படித்தான் ஆகும். இடையிலுள்ள எண்கள் எப்போதுமே இல்லை, இருப்பவற்றை மட்டும் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறோம். விளிம்பு சிதறலாகவே இருந்தும் பட்டை தெரிகிறது என்றால், குறை திரையில் இருக்கிறது. விலை குறைந்த திரைகள் பல, சேனலுக்கு 6 பிட்டையே உண்மையில் காட்டி, மீதியை மினுக்கி ஈடுகட்டுகின்றன. படத்தைத் தொடாமல் வேறு திரையில் பாருங்கள்.

பட்டையைத் திருத்துவது

புதிதாகச் செய்யும் வேலையானால் கோப்பைத் தொடக்கத்திலேயே `Image > Mode > 16 Bits/Channel` ஆக்கிவிடுங்கள். ஃபோட்டோஷாப்பில் அது ஒரு சேனலுக்கு 32 ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளைத் தருகிறது. கிம்ப்பில் `Image > Precision`. கிரேடியண்ட் கருவியில் `Dither` என்ற கட்டம் குறியிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கிம்ப்பில் அது `Dithering`. பிறகு நிறத் திருத்தம், ஒளிவட்டம், மங்கலாக்கம் எல்லாம் இந்த 16 பிட்டுக்குள்ளேயே நடக்கட்டும்.

ஆனால் 16 பிட் தானாகப் பட்டையை நீக்கிவிடாது. கடைசியில் வெளியே போவது 8 பிட் படம்தான். அந்த இறக்கத்தில் 24 படிகள் மீண்டும் 24 படிகளாகவே வந்து நிற்கும். படிகளின் விளிம்பைச் சிதறடிப்பது ஒன்றே வழி. 30.5 என்ற வெளிச்சத்தைக் காட்ட 8 பிட்டில் எண் இல்லை. ஆனால் அங்குள்ள பிக்சல்களில் பாதியை 30 ஆகவும் பாதியை 31 ஆகவும் தூவி வைத்தால், கண் இரண்டையும் சேர்த்து 30.5 என்றே படிக்கும். நாய்ஸ் செய்யும் வேலை அதுதான். 16 பிட் ஏன் முக்கியம் என்பதும் இங்கேதான் விளங்கும். அந்த 30.5 என்ற தகவல் கோப்புக்குள் இருந்தால்தான் தூவுவது சரியான விகிதத்தில் அமையும். 8 பிட்டில் அது ஏற்கெனவே 30 அல்லது 31 ஆக உருண்டு போயிருக்கும்.

வானம் லேயரை ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கி `Filter > Noise > Add Noise` கொடுங்கள். `Gaussian`, `Monochromatic` இரண்டையும் தெரிவு செய்யுங்கள். அளவு 1 விழுக்காடு. அது ஏறத்தாழ இரண்டு மூன்று படி அசைவு; அந்த வானத்துக்கு அது போதுமானதாக இருந்தது. 3 விழுக்காட்டுக்கு மேல் போனால் வானம் பட்டையில்லாமல் இருக்கும், ஆனால் மணற்காகிதம்போல் தெரியும்.

பலர் சாம்பல் நிரப்பிய லேயரில் நாய்ஸ் போட்டு `Overlay` முறையில் வைப்பார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் செய்தேன். இந்த வேலைக்கு அது உதவாது. `Overlay` கீழே உள்ள வெளிச்சத்தால் நாய்ஸைப் பெருக்குகிறது. கீழே இருட்டாக இருந்தால் நாய்ஸும் கிட்டத்தட்ட இல்லாமல் போகும். பட்டை விழும் இடமே இருட்டுதான். லேயராகத்தான் வேண்டும் என்றால் `Linear Light` முறையில் வையுங்கள். அது எல்லா வெளிச்சத்திலும் ஒரே அளவு நாய்ஸைச் சேர்க்கும்.

ஏற்கெனவே பட்டை விழுந்த 8 பிட் கோப்பு மட்டும் கையில் இருந்தால், முடிந்தால் வானத்தைப் புதிதாகவே போடுங்கள். பத்து நிமிட வேலை. முடியாதபோது கோப்பை 16 பிட்டாக்கி, வானத்தை மட்டும் தனியாகத் தேர்ந்து, பட்டையின் உயரத்துக்குச் சமமான அளவில், நம் கணக்கில் 50 பிக்சல், `Gaussian Blur` கொடுங்கள். 16 பிட்டில் மங்கலாக்கும்போது இடைப்பட்ட எண்கள் உண்மையாகவே பிறக்கின்றன. அதன் பிறகு நாய்ஸ். மலை, வேல், எழுத்து எதுவும் அந்த மங்கலுக்குள் கசியாதபடி, அவை இல்லாத வானமாக முதலில் நிரப்பிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் முகட்டைச் சுற்றிக் கரும்புகை படியும்.

எக்ஸ்போர்ட்டில் வரிசை மாறினால் எல்லாம் போச்சு

நாய்ஸ் கடைசியில் வர வேண்டும். படத்தைச் சுருக்கினால் மென்பொருள் பக்கத்துப் பிக்சல்களைச் சராசரி எடுக்கிறது. தூவிய மணல் சமமாகிவிடுகிறது, பட்டை மீண்டும் எழுகிறது. நான் அனுப்பிய அழைப்பில் நடந்தது இதுதான். பெரிய அளவில் நன்றாக நாய்ஸ் போட்டு வைத்திருந்த படத்தைச் சுருக்கி எக்ஸ்போர்ட் செய்தேன். ஆகவே ஒரு பிரதி எடுத்து, முதலில் இறுதி அளவுக்குச் சுருக்குங்கள், அடுத்து `sRGB`க்கு மாற்றுங்கள், அதன் மேல் நாய்ஸ், அதற்குப் பிறகே 8 பிட். ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டில் வைத்த நாய்ஸை முதலில் அணைத்துவிட்டு, இந்த இடத்தில் புதிதாகப் போடுங்கள்.

கோப்பு வகையில், முழு நிறப் பிஎன்ஜி தூவலை அப்படியே காக்கும். ஆனால் நாய்ஸ் சுருங்காது என்பதால் கோப்பு பல மடங்கு பெரிதாகும். `PNG-8` என்பதைத் தொடவே வேண்டாம். அதில் முழுப் படத்துக்கும் 256 நிறங்கள்தான். ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்குள் இருக்கும் நுண்ணிய அசைவுகளை முதலில் தூக்கி எறிகிறது. நம் தூவல் அதன் கண்ணுக்கு வீண் அசைவு. ஃபோட்டோஷாப்பின் 12 படி அளவில் 10க்குக் குறையாமல் வையுங்கள். தரத்தைக் குறைத்தால் பட்டையோடு, சதுரக் கட்டங்களும் வானத்தில் தெரியும்.

வாட்ஸ்அப் தனியே பேச வேண்டியது, ஏனென்றால் இங்கே அழைப்புகள் பெரும்பாலும் அதில்தான் போகின்றன. படமாக அனுப்பினால் அது மீண்டும் அழுத்திச் சுருக்கும்; நம் நாய்ஸில் பெரும்பகுதி அங்கே தொலையும். ஆவணமாக அனுப்பினால் கோப்பு மாறாது. ஆனால் குழுவில் ஒருவருக்கு ஆவணமாகப் போனது, அடுத்தவர் கையில் படமாகிவிடும். அதைத் தடுக்க முடியாது. அதனால் வாட்ஸ்அப்புக்குச் செய்யும் பிரதியில் நாய்ஸை மட்டும் நம்புவதில்லை. நாய்ஸை 2 விழுக்காடாக்கி, அரை பிக்சல் மங்கலாக்கி மணியைச் சற்றுப் பெரிதாக்குவேன். பெரிய மணி அழுத்தத்தைக் கொஞ்சம் தாங்கும். அதைவிட முக்கியமாக, வானத்தையே மாற்றுவேன். மேல் நிறத்தை இன்னும் இருட்டாக்காமல், கீழ் நீலத்தை வெளுப்பாக்கி, பச்சையின் ஏற்றம் 24 படியிலிருந்து 40 படியாகும்படி செய்தால் பட்டை 30 பிக்சலாகக் குறையும். அதோடு மிக மெல்லிய மேகத் துகில் ஒன்றைக் குறுக்காக ஓடவிடுவேன். மேகம் பெரிய வடிவம் என்பதால் எந்த அழுத்தமும் அதை அழிக்காது. பட்டையின் நேர்கோட்டை அது உடைத்துவிடும்.

அச்சுக்குப் போகும் பதாகையில் நிலைமை தலைகீழ். அச்சுப்பொறி தானே மையைப் புள்ளிகளாகத் தூவுவதால் பட்டை அவ்வளவாகத் தெரியாது. கலங்கல்தான் கூடும். நான்கு மை நிறங்களுக்கு மாற்றிய பின் கிரேடியண்டின் நடுப்பகுதியைச் சொட்டுக்குழாயால் மறுபடி படியுங்கள். ஊதாவில் கறுப்பு மை ஏறியிருந்தால் குறையுங்கள். கருநீலத்தில் மெஜந்தா, சயானை நெருங்கியிருந்தால் அச்சில் அது ஊதாவாகிவிடும்; மெஜந்தா 30 புள்ளியாவது கீழே இருக்கட்டும்.

கோவில் வளாகத்தில் வைக்கும் எல்இடி திரை என்றால், இரவில் வெளிச்சத்தைக் குறைத்து ஓட்டுவார்கள். குறைக்கும்போது கீழ்ப்படிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தொலைபேசியில் நன்றாக இருந்த கருநீலம் அங்கே நான்கைந்து தடித்த பட்டைகளாகும். அந்தத் திரைக்குத் தனிப் பிரதி செய்து, மேல் வானத்தின் இருளை `#0B1230`இலிருந்து `#1A2350` அளவுக்காவது ஏற்றி, கீழ் நீலத்தையும் அதற்கேற்ப வெளுப்பாக்கிக் கொடுங்கள்.

எக்ஸ்போர்ட் ஆன கோப்பை ஃபோட்டோஷாப்பில் மூடிவிட்டு மீண்டும் திறந்து, அதே `Levels` சோதனையை அந்தக் கோப்பின் மேலேயே செய்யுங்கள். உங்கள் மூலக் கோப்பு நன்றாக இருப்பது இப்போது கணக்கில்லை. பிறகு உங்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி, தரவிறக்கி, அறையின் விளக்கை அணைத்து, திரை வெளிச்சத்தை முழுதாக்கிப் பாருங்கள். அந்தப் பெரியவர் பார்த்ததும் அப்படித்தான். இரண்டாம் முறை இவ்வளவும் செய்து அனுப்பியபோது அவர் வானத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. வேலின் நுனி கொஞ்சம் சாய்ந்திருப்பதாகச் சொன்னார். அதை நிமிர்த்திக் கொடுத்தேன்.